பிள்ளை பெற்றவளுக்கு என்ன எழுதுவது?

ஒரு வாழ்த்தை முதலில் படித்துவிடுவோம். திருச்சியில் ஒரு பெண்ணுக்கு முதல் குழந்தை பிறந்திருக்கிறது. மூன்றாம் நாள் காலை, ஸ்ரீரங்கத்தில் இருக்கும் அத்தையிடமிருந்து வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு செய்தி வருகிறது:

“வாழ்த்துகள் கண்ணு! கடைசியில சிசேரியன் பண்ணிட்டாங்களாமே, பரவாயில்ல விடு. பூண்டு நிறைய சேர்த்துக்கோ, அப்பதான் பால் ஊறும். பால்பொடி மட்டும் கொடுத்துடாதே. சும்மா சும்மா தூக்கிப் பழக்காதே, அப்புறம் கையை விட்டு இறங்காது. போனைப் பார்த்துக்கிட்டு இருக்காம பாப்பா தூங்கும்போது நீயும் தூங்கு. இந்த நாளெல்லாம் திரும்ப வராது, ஒவ்வொரு நிமிஷமும் அனுபவி. எது வேணும்னாலும் கூச்சப்படாம கேளு. பாப்பா போட்டோ அனுப்பு.”

பல வீடுகளில் பார்த்த செய்திகளைக் கோத்து நான் எழுதிய மாதிரி இது. இதில் ஒரு வரிகூடக் கெட்ட எண்ணத்தில் வந்ததில்லை. அத்தைக்கு அவள் மீது உயிர். ஆனாலும் இந்தச் செய்தியைப் படிக்கும் பெண் அழக்கூடும். ஏன் என்று புரிய, அந்த மூன்றாம் நாள் எப்படி இருக்கும் என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிரசவம் முடிந்த முதல் இரண்டு மூன்று நாள் சுரப்பது சீம்பால். மஞ்சளாக, கெட்டியாக, ஸ்பூன் கணக்கில்தான் வரும். பிறந்த குழந்தைக்கு அந்த அளவு போதும். அளவு கூடிப் பால் கட்டி வருவது பெரும்பாலும் இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில். சிசேரியன் என்றால் இன்னும் கொஞ்சம் தாமதமாகலாம். இதற்கிடையில் குழந்தையின் எடை இறங்கும். 2 கிலோ 900 கிராமில் பிறந்த குழந்தை மூன்றாம் நாள் 2 கிலோ 700 காட்டினால் மருத்துவர் பதற மாட்டார். முதல் வாரத்தில் பிறந்த எடையில் நூற்றுக்கு ஏழு பங்கு வரை குறைவதும், இரண்டு வாரத்துக்குள் பழைய எடைக்குத் திரும்புவதும் வழக்கமாக நடப்பதுதான். பத்துப் பங்கை நெருங்கினால்தான் பால் குடிக்கும் விதத்தைக் கூர்ந்து பார்ப்பார்கள். ஆனால் தாய்க்கு அந்த எடை மெஷினில் தெரிவது தன் மார்பில் பால் இல்லை என்ற தீர்ப்பு. அந்த நேரத்தில் “அப்பதான் பால் ஊறும்” என்ற வரி வருகிறது.

அதோடு, மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை பிள்ளை பெற்ற பெண்களில் பாதிப் பேருக்கு மேல் காரணம் தெரியாமல் அழுகை வரும். பிரசவத்துக்குப் பிறகு உடலின் ஹார்மோன்கள் சட்டென்று இறங்குகின்றன. தையல் வலி, தூக்கமின்மை, ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை பால் கொடுக்கும் அலுப்பு எல்லாம் அதோடு சேர்கின்றன. பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் இது தானாகவே தணிந்துவிடும். ஆக நம்முடைய வாழ்த்துகள் குவியும் நாட்களும் அவள் மனம் மிக மெலிந்திருக்கும் நாட்களும் ஒன்றுதான்.

இனி அத்தையின் வரிகளுக்கு வருவோம்.

“சிசேரியன் பண்ணிட்டாங்களாமே, பரவாயில்ல.” இழவு வீட்டில் சொல்வதுபோல ஆறுதல் சொல்கிறார் அத்தை. எதற்காக? 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூறு பிரசவங்களில் ஏறக்குறைய 45 சிசேரியன். அது அதிகம்தானா, தவிர்த்திருக்க முடியுமா என்று பேச வேண்டிய இடங்கள் உண்டு. வயிற்றில் தையலோடு படுத்திருக்கும் பெண்ணின் போன் அந்த இடமில்லை. “நார்மலா, சிசேரியனா?” என்ற கேள்விக்கும் இது பொருந்தும். அவளே சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். வாழ்த்தில் அந்தப் பேச்சே வேண்டியதில்லை.

பூண்டு வரியை நான் குறை சொல்ல மாட்டேன் என்று சிலர் நினைக்கலாம். பூண்டுக் குழம்பும் பால்சுறாப் புட்டும் பிள்ளை பெற்றவளுக்கு நம் வீடுகளில் காலங்காலமாகச் சமைத்துக் கொடுப்பவை. ருசியும் சத்தும் உள்ள நல்ல சாப்பாடு. ஆனால் பால் கூடுவது முக்கியமாகக் குழந்தை அடிக்கடி சப்பி, மார்பு காலியாவதால். “பூண்டு சாப்பிட்டால்தான்” என்று எழுதும்போது, பால் குறைந்தால் அது அவள் ஒழுங்காகச் சாப்பிடாத குற்றம் என்று ஆகிவிடுகிறது. அடுத்த வரி, பால்பொடி கொடுத்துவிடாதே என்பது, இன்னும் கடுமையானது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அது அவளுக்கு மருத்துவமனையில் கண்டிப்பாகச் சொல்லப்பட்டிருக்கும். சுவரில்கூட எழுதியிருக்கும். அதையும் மீறி மருத்துவரே அன்று காலை ஏதோ காரணத்துக்காக ஒரு சங்கு பால்பொடிப் பால் கொடுக்கச் சொல்லியிருக்கலாம். அத்தைக்கு அது தெரியாது. அவள் கண்ணீரோடு அதைப் புகட்டி முடித்துவிட்டுப் போனை எடுத்திருக்கலாம்.

தூக்கிப் பழக்காதே என்ற அறிவுரை உண்மையும் இல்லை. பிறந்து சில நாளே ஆன குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்வதால் அது கெட்டுப்போவதில்லை. தாயின் தோலோடு தோலாகக் கிடந்தால் அதன் உடல் சூடும் மூச்சும் சீராகின்றன, பால் குடிக்கவும் எளிதாகிறது. அதனால்தான் மருத்துவமனையில் மார்போடு அணைத்து வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். இப்போது அவள் கையில் இரண்டு கட்டளைகள்: நர்ஸ் அம்மா தூக்கு என்கிறார், அத்தை தூக்காதே என்கிறார். இதற்கு மேல் மாமியார், பக்கத்து அறை அம்மா, கணவனின் பெரியம்மா.

“ஒவ்வொரு நிமிஷமும் அனுபவி” என்பது அறிவுரையாகவே தோன்றாது. ஆனால் தையல் இழுக்க, மார்பு வலிக்க, ராத்திரி மூன்று மணிக்கு விழித்திருப்பவளுக்கு அதுவும் ஒரு கட்டளைதான். நமக்கு அப்படி ஒன்றும் சந்தோஷமாக இல்லையே, நாம் நல்ல அம்மா இல்லையோ என்று அவளை எண்ண வைக்கும். பாப்பா தூங்கும்போது நீயும் தூங்கு என்பதும் அப்படித்தான். அவளுக்குத் தெரியாததில்லை; அந்த நேரத்தில்தான் பார்க்க வந்தவர்கள் அறைக்குள் வருகிறார்கள்.

இவ்வளவு அறிவுரையும் புதிதாக முளைத்ததா என்றால் இல்லை. நம் பாட்டிமாரும் ஓயாமல் சொன்னவர்கள்தான். ஆனால் அன்று சொன்னவர் அந்த வீட்டில் இருந்தார். காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் கால்மேல் கிடத்தித் தண்ணீர் ஊற்றினார். பிள்ளை பெற்றவளுக்கு வெந்நீர் போட்டார், பத்தியம் வடித்தார், பிரசவ லேகியம் கிண்டினார், இரவில் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். “தூங்கு” என்று அவர் சொன்னால் குழந்தை அவர் கைக்குப் போய்விட்டது என்று பொருள். சொன்ன அறிவுரை தவறாக இருந்தாலும் அடுத்த நாள் குழந்தையைப் பார்த்து மாற்றிக்கொள்ள அவர் அங்கேயே இருந்தார். போனில் வருவது அந்தச் சொல் மட்டும். வேலை செய்யும் கை அதோடு வருவதில்லை. அதே சொல் அன்று பாரத்தை இறக்கியது, இன்று ஏற்றுகிறது என்றால் காரணம் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

ஆகவே வாழ்த்தைத் திருத்தும்போது அறிவுரையை எடுத்துவிட்டால் மட்டும் போதாது. அந்த இடத்தில் அன்பையும், முடிந்தால் கொஞ்சம் கையையும் வைக்க வேண்டும். அதே அத்தை இப்படி எழுதலாம்:

“கண்ணு, உனக்கும் மாப்பிள்ளைக்கும் வாழ்த்துகள். பாப்பா வந்த சேதி கேட்டதுல இருந்து எனக்குச் சந்தோஷம் தாங்கல. அண்ணன் போன்ல சொல்லும்போதே குரல் தழுதழுத்துடுச்சு. நீயும் பாப்பாவும் நல்லா இருக்கணும்னு சமயபுரத்தாகிட்ட வேண்டிக்கிட்டேன். வியாழக்கிழமை மதியம் உங்க எல்லாருக்கும் சாப்பாடு செஞ்சு மாமாகிட்ட கொடுத்தனுப்பட்டுமா? மாமா வாசல்லயே கொடுத்துட்டு வந்துடுவார். வேண்டாம்னாலும் ஒன்னும் இல்ல. இதுக்குப் பதில் போட அவசரமே இல்ல.”

நீளம் ஏறக்குறைய முதல் செய்தி அளவுதான். ஆனால் அவள் செய்ய வேண்டியது எதுவும் இதில் இல்லை. முதல் செய்தியில் எத்தனை வினைச்சொற்கள் அவளை ஏவுகின்றன என்று பாருங்கள்: சேர்த்துக்கோ, கொடுத்துடாதே, பழக்காதே, தூங்கு, அனுபவி, கேளு, அனுப்பு. இரண்டாவதில் செயல் எல்லாம் அத்தையுடையது. கேட்டேன், வேண்டிக்கிட்டேன், கொடுத்தனுப்பட்டுமா. நீங்கள் எழுதிய வாழ்த்தில் அறிவுரை ஒளிந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. வாக்கியங்களின் முடிவை மட்டும் படித்துப் பாருங்கள். செய், செய்யாதே, செய்யணும், மறந்துடாதே என்று முடிந்தால் அந்த வாக்கியத்தை எடுத்துவிடலாம்.

இந்தச் சோதனையில் தப்பிவிடும் வரிகளும் சில உண்டு. ஒன்று கேள்வியாக வரும்: “பால் இருக்கா?” “குழந்தை எடை எவ்வளவு?” “ராத்திரி தூங்குதா?” கேட்டவருக்குச் சாதாரண விசாரிப்பு, பதில் சொல்பவருக்குப் பரீட்சை. இன்னொன்று ஒப்பீடாக வரும்: “நானெல்லாம் பத்தாம் நாளே எழுந்து அடுப்படிக்குப் போயிட்டேன்.” இதில் ஏவல் வினையே இல்லை, ஆனால் படுத்திருக்காதே என்று சொல்லிவிட்டது. மூன்றாவது வகை குழந்தை பெண்ணாக இருக்கும்போது வரும். வயிற்றிலிருக்கும் குழந்தை ஆணா பெண்ணா என்று சொல்வதை 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருப்பதால், நம் நாட்டில் பிறந்த சேதியோடுதான் அதுவும் தெரிகிறது. சேதி வந்த கையோடு “பரவாயில்ல, மகாலட்சுமி வந்திருக்கா” என்று எழுதுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பரவாயில்லையை எடுத்துவிட்டு மகாலட்சுமியை மட்டும் வைத்துக்கொள்ளலாம். “அடுத்தது பையன்தான்” என்று எழுதுவதற்கு எந்த மன்னிப்பும் கிடையாது.

“எது வேணும்னாலும் கேளு” என்ற வரியை ஏன் மாற்றினேன் என்று சிலர் கேட்கலாம். மனதார வரும் வரிதான். ஆனால் என்ன வேண்டும் என்று யோசிப்பது, அதைக் கேட்கத் துணிவது, எப்போது வசதி என்று விசாரிப்பது, எல்லாம் அவள் தலையில் விழுகிறது. பெரும்பாலான பெண்கள் கேட்கவே மாட்டார்கள். நாள், பொருள், வழி மூன்றும் சொல்லிவிட்டால் அவளுக்கு மிச்சம் சரி அல்லது வேண்டாம் மட்டும்தான். வாசலோடு திரும்பிவிடுவார் என்ற வாக்கியம் சின்னதுதான், ஆனால் அதற்குள் பெரிய நிம்மதி இருக்கிறது: அறையை ஒதுக்க வேண்டாம், நைட்டியை மாற்ற வேண்டாம், தூங்கும் குழந்தையை எழுப்பிக் காட்ட வேண்டாம். வெளியூரில் இருப்பவர் எதையும் அனுப்ப முடியாது என்றால் உதவி வரியே வேண்டாம். வெறும் வாழ்த்தே முழு வாழ்த்துதான்.

மாப்பிள்ளையையும் சேர்த்தது உபசாரத்துக்காக இல்லை. அவருக்கு வரும் செய்திகள் பெரும்பாலும் “இனிமே பொறுப்பு கூடிடுச்சு, பார்த்து நடந்துக்கோ” என்ற வகை, அல்லது “ஸ்வீட் எங்கே?” என்பது. அறுவை அரங்கின் வெளியே நின்றவருக்கும் அந்த நாள் சாதாரண நாள் அல்ல. “அப்பாவாயிட்டே, ரொம்ப சந்தோஷம் தம்பி” என்று தனியாக ஒரு வரி போட்டால் அவருக்கு அது நீண்ட நாள் நினைவிருக்கும்.

போட்டோ கேட்பதை விட்டதற்கும் காரணம் உண்டு. அவர்கள் அனுப்பும்போது பார்த்துக்கொள்ளலாம். அனுப்பிய படத்தை அவர்களுக்கு முன்பாக நாம் ஸ்டேட்டஸில் வைப்பதும் வேறு குழுவுக்குத் தள்ளுவதும் கூடாது. வாழ்த்தையும் முடிந்தவரை குடும்பக் குழுவில் போடாமல் தனியாக அனுப்புவது நல்லது. குழுவில் ஒருவர் கிரைப் வாட்டர் என்று தொடங்கினால் இன்னொருவர் வசம்பு என்பார், மூன்றாமவர் இரண்டும் கூடாது என்பார். அந்த வாதத்தைப் படித்துக்கொண்டு அவள் நடுவில் இருப்பாள்.

கொஞ்சம் இலக்கியமாக எழுத விரும்புகிறவர்கள் திருக்குறளில் மக்கட்பேறு அதிகாரத்துக்குப் போவார்கள். நல்ல இடம்தான், ஆனால் அந்தப் பத்துக் குறளும் இந்த நாளுக்கு ஏற்றவை அல்ல. பிள்ளையின் உடலைத் தொடுவதும் குரலைக் கேட்பதும் தரும் இன்பத்தைச் சொல்லும் 65ஆவது குறள் பிறந்த வீட்டுக்கென்றே எழுதியதுபோல இருக்கும். 67ஆவது குறளுக்கு வந்தால் மகனை அவையில் முந்தியிருக்கச் செய்வது தந்தையின் கடமை என்கிறது. 70இல் மகனின் கடமை. பெரிய அறங்கள்தான், ஆனால் பிறந்து மூன்று நாளான குழந்தையின் பெற்றோருக்கு அவை வீட்டுப்பாடம். 64, 65, 66 ஆகிய மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் இன்பத்தோடு நின்றுவிடும்.

குழந்தை எடை குறைவாகவோ மாதம் முன்னதாகவோ பிறந்து, பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தால் என்ன எழுதுவது என்று தெரியாமல் பலர் எதுவுமே எழுதுவதில்லை. அப்போதும் வாழ்த்த வேண்டும். அவர்களும் பெற்றோர்தான். அந்த நாட்களில் யாருமே வாழ்த்து சொல்லவில்லை என்பது பின்னால் நெடுநாள் வலிக்கும். “பாப்பா வந்தாச்சு, வாழ்த்துகள். உங்க மூணு பேரையும் நினைச்சுக்கிட்டே இருக்கேன்” என்றால் போதும். “ஒன்னும் ஆகாது, எல்லாம் சரியாயிடும்” என்று உறுதி கொடுக்க நமக்கு உரிமை இல்லை. எடையையும் எப்போது வீட்டுக்கு என்பதையும் விசாரிக்கவும் வேண்டாம்.

அலுவலகத்திலிருந்து எழுதுபவர் வேலையைப் பற்றி எழுதாமல் இருப்பதே உத்தமம். சட்டப்படி முதல் பிரசவத்துக்கு 26 வார விடுப்பு உண்டு; அதைச் சலுகையாகக் காட்டும் தொனியும் வேண்டாம்.

இவ்வளவு சொன்னபின் ஒரு விலக்கையும் சொல்லியாக வேண்டும். சில பழக்கங்கள் கருத்து வேறுபாடு என்று விட்டுவிடக்கூடியவை அல்ல. சேனை வைப்பது என்று பிறந்த குழந்தையின் நாக்கில் தேனைத் தடவும் வழக்கம் இன்னும் பல ஊர்களில் இருக்கிறது. தேனில் சில சமயம் ஒருவகைக் கிருமியின் வித்துகள் இருக்கும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடலில் அவை வளர்ந்து நஞ்சை உண்டாக்கி, உடலைத் தளரச் செய்து மூச்சையே பாதிக்கலாம். தொப்புள்கொடியில் சாம்பல் வைப்பதும், குளிப்பாட்டும்போது மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதும் ஆபத்துதான். அந்த வீட்டில் இப்படி நடக்கப்போகிறது என்று தெரிந்தால் பேசாமல் இருக்கக் கூடாது. ஆனால் அதை வாழ்த்துக்குள் வைத்து அந்தப் பெண்ணுக்கு அனுப்பிப் பயனில்லை. தேன் வைக்க நினைப்பது அவள் அல்ல. வைக்கப்போகும் பெரியவருக்குப் போன் போட்டு, மரியாதையாக, நேரடியாகச் சொல்ல வேண்டும். அவர் கேட்க மாட்டார் என்றால் வீட்டுக்கு வரும் கிராம சுகாதாரச் செவிலியரிடமோ மருத்துவரிடமோ சொன்னால், அவர் வாயிலிருந்து வருவதை மறுக்க மாட்டார்கள்.

அதேபோல, இரண்டு வாரம் தாண்டியும் அவள் அழுதுகொண்டிருக்கிறாள், சாப்பிடவில்லை, குழந்தையைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்கிறாள், சாவைப் பற்றிப் பேசுகிறாள் என்று காதில் விழுந்தால் அது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம். இந்தியாவில் நடந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் ஐந்து தாய்மாரில் ஏறக்குறைய ஒருவருக்கு இது வருகிறது. தைரியமாக இரு என்று எழுதினால் இது போகாது. அவள் கூட இருப்பவரிடம் பேசி மருத்துவரிடம் அழைத்துப்போகச் செய்ய வேண்டும். சாவைப் பற்றிய பேச்சு இருந்தால் இரண்டு வாரக் கணக்கெல்லாம் பார்க்காமல் அன்றே.

இனி, அவளே கேட்டால்? பெரும்பாலும் கேட்பாள். குழந்தைகளின் அழுகை உச்சத்துக்குப் போவது ஆறாவது வாரத்தை ஒட்டி. வாழ்த்துகள் எல்லாம் ஓய்ந்திருக்கும் காலம் அது. அந்த மாதத்தில் ஒரு இரவு ஸ்ரீரங்கத்துப் போனுக்கு ஒரு செய்தி வருகிறது: “அத்தை, ரெண்டு மணி நேரமா அழுறா. என்ன பண்றதுன்னே தெரியல.” இப்போது சொல்லலாம். ஆனால் முதலில் கேட்க வேண்டும்: காய்ச்சல் இருக்கா, பால் குடிக்கிறாளா, இன்றைக்கு எத்தனை தடவை ஒன்றுக்குப் போனாள்? மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு வெப்பமானியில் 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் தொட்டால் வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம், ராத்திரியானாலும் மருத்துவரிடம்தான் போக வேண்டும். பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலும் அப்படியே. காய்ச்சல் இல்லை, நன்றாகக் குடிக்கிறாள், நாளைக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் துணி நனைகிறது என்றால் அத்தை தனக்குக் கைகொடுத்த ஒன்றே ஒன்றைச் சொல்லலாம்: “உங்க மாமா தோள்ல போட்டு மொட்டை மாடியில நடப்பார், அப்பதான் அடங்குவான் உன் அத்தான். மாப்பிள்ளையை நடக்கச் சொல்லிப் பாரு. நாளைக்குக் காலையில நான் வர்றேன், மத்தியானம் வரைக்கும் நான் வச்சிருக்கேன்.”